நேந்திரன் வாழைக்காய் விலைபாக்கி ரூ.1,38,890 கேட்டு அறிவிப்பு

நாள்: 12.01.2026
ஸ்பீடு போஸ்ட், ஒப்புகையுடன்

அனுப்புநர்:
பெ. ஈஸ்வரி, வாழை விவசாயி,
கம்பம் – 625516, தேனி மாவட்டம்.

பெறுநர்:
உரிமையாளர், பழம் காய்கறி மொத்தக் கடை,
தேக்கடி சாலை, குமுளி – 685509, இடுக்கி மாவட்டம்.

ஐயா,

வணக்கம். கடந்த ஓண வியாபாரத்துக்காக 16.08.2025 முதல் 02.09.2025 வரை எங்கள் தோட்டத்திலிருந்து ஆறு லோடு நேந்திரன் எடுத்தீர்கள். மொத்தம் 6,240 கிலோ. தோட்ட விலை கிலோவுக்கு ரூ.38, வண்டி வாடகை தங்களுடையது, கடைசி லோடு ஏற்றியதிலிருந்து 15 நாளில் பணம். இதுதான் பேச்சு. அதன்படி ஆன தொகை ரூ.2,37,120.

28.08.2025 லோடில் 85 கிலோ பழுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அந்த எடைச் சீட்டின் ஓரத்தில் "85 கழிவு" என்று நீலப் பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் தாங்களே. அதை நான் மறுக்கவில்லை, ரூ.3,230 கழித்துவிட்டேன். மீதி ரூ.2,33,890.

இதில் 22.09.2025 அன்று ரூ.75,000, 13.10.2025 அன்று ரூ.20,000 என் வங்கிக் கணக்குக்கு வந்தது. இன்று நிற்கும் பாக்கி ரூ.1,38,890.

13.10.2025 அன்று வாட்ஸ்அப்பில், "மீதி தீபாவளிக்குள் போட்டுவிடுகிறேன்" என்று எழுதினீர்கள். தீபாவளி 20.10.2025 அன்று கழிந்தது. நவம்பரில் போனில் பேசியபோது, ஓணம் முடிந்ததும் காய் விலை இறங்கி, கையில் நின்ற சரக்கில் நஷ்டம் என்றீர்கள். விலை இறங்கியது எனக்கும் தெரியும். ஆனால் நம் விலை, காய் வெட்டுவதற்கு முன்பே பேசி முடித்தது. ஏறியிருந்தாலும் நான் கூடுதலாகக் கேட்டிருக்க முடியாது.

எனவே ரூ.1,38,890-ஐ 31.01.2026-க்குள், முன்பு பணம் போட்ட அதே கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் வந்தால் வட்டி கேட்கமாட்டேன். ஒரே தவணையில் முடியாது என்றால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று அதே நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள், பரிசீலிக்கிறேன். என் கணக்கில் பிழை இருந்தால், தங்கள் பேரேட்டு நகலோடு சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். உத்தமபாளையம் வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் சமரசம் பேசுவதற்கும் சம்மதம்.

பணமோ பதிலோ வராவிட்டால், சரக்கு கம்பத்தில் எடைபோட்டு ஏற்றியது என்பதால், உத்தமபாளையம் உரிமையியல் நீதிமன்றத்தில் பாக்கித் தொகை, செலவுத்தொகை, 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி இந்த அறிவிப்பு நாள் முதலான வட்டி ஆகியவற்றைக் கோரி வழக்குத் தாக்கல் செய்வேன்.

ஆறு எடைச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், 13.10.2025 வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன. அசல்கள் என்னிடம் இருக்கின்றன. நேரில் வந்தால் பார்க்கலாம்.

இப்படிக்கு,
(ஒப்பம்) பெ. ஈஸ்வரி