முதல் காலாண்டு: படுக்கை, தரச்சான்று, ஆட்கள், செலவு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் மருத்துவமனைக்குப் புதிதாக 30 படுக்கைகள் கொண்ட கட்டடம் வேண்டுமா என்பதுதான் இன்றைய முக்கியக் கேள்வி. இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

நம்மிடம் 240 படுக்கைகள் உண்டு என்று பலகையில் எழுதியிருக்கிறோம். உண்மையில் ஓடுவது 228. ஏழு படுக்கைகள் நர்ஸ் இல்லாமல் மூடிக் கிடக்கின்றன, ஐந்து குழாய் வேலைக்காக. ஏப்ரல் முதல் ஜூன் வரை 91 நாட்கள். 228-ஐ 91-ஆல் பெருக்கினால் 20,748 படுக்கை நாட்கள். அதில் நோயாளிகள் இருந்தது 18,258 நாட்கள், அதாவது 88 சதவீதம். 85-ஐத் தாண்டினாலே அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு ஆளை மாற்ற இடம் தேட வேண்டி வரும். அதைத்தான் தினமும் பார்க்கிறோம். ஆனால் இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஐசியூவில் 96, பொது மருத்துவத்தில் 94, மகப்பேறு வார்டில் 61. நெருக்கடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.

இதே மூன்று மாதத்தில் டிஸ்சார்ஜ் ஆனவர்கள் 3,512 பேர். ஆக ஒருவர் தங்கியது சராசரி 5.2 நாள். இதை 4.8 ஆக்கினால், அதே எண்ணிக்கை நோயாளிகளுக்கு சுமார் 1,400 படுக்கை நாட்கள் மிச்சம். அது தினம் 15 படுக்கைகளுக்குச் சமம், ஒரு செங்கல் கூட வைக்காமல்.

முடியுமா? ஒரு டிஸ்சார்ஜை எடுத்துப் பாருங்கள். காலை 10 மணிக்கு டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று எழுதுகிறார். நோயாளி வெளியேறும்போது சராசரியாக மாலை 3.40. இந்த 5 மணி 40 நிமிடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு 2 மணி 10 நிமிடம், மீதி மருந்தை ஃபார்மசிக்குத் திருப்ப 50 நிமிடம், பில்லிங்குக்கு ஒன்றரை மணி, பணம் கட்டி வண்டி வரும்வரை 1 மணி 10 நிமிடம். சிகிச்சை முடிந்த ஆள் படுக்கையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே அவசரப் பிரிவில் இன்னொருவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார். ஒரு வார்டில் மட்டும் சம்மரியை முந்தின நாள் மாலையே தயாராக வைத்துப் பார்த்தோம். அங்கே மொத்த நேரம் 3 மணி 20 நிமிடமாக இறங்கியது. இதனால் மட்டும் 4.8 வந்துவிடாது, ஸ்கேனுக்கும் ஆபரேஷன் தேதிக்கும் சும்மா காத்திருக்கும் நாட்களையும் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கை அடுத்த கூட்டத்தில் தருகிறேன்.

தரச்சான்று ஆய்வு நவம்பரில். நாமே செய்த மதிப்பீட்டில் 386 அளவுகோல்களில் 298 முழுமையாகச் சரி, 61 பாதி, 27 இல்லவே இல்லை. அந்த 27-இல் 16 வெறும் ஆவண வேலை, செப்டம்பருக்குள் முடியும். மீதி 11-க்குப் பணம் வேண்டும்; தீத்தடுப்புக் கதவுகள் அதில் முதலிடம். எனக்கு அதிகக் கவலை தருவது கை கழுவுதல். கழுவ வேண்டிய 640 தருணங்களைக் கவனித்ததில் 455 முறைதான் செய்தார்கள், 71 சதவீதம். டாக்டர்கள் நர்ஸ்களைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள், இதை டாக்டர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அப்புறம், நோயாளி கீழே விழுந்த சம்பவங்கள் போன காலாண்டில் 11, இப்போது 29. ஆயிரம் படுக்கை நாளுக்கு 1.6. பதற வேண்டாம்: எழுதினால் திட்டு விழாது என்று சொன்ன பிறகுதான் எழுத ஆரம்பித்தார்கள். பழைய 11-ஐத்தான் நான் நம்ப மாட்டேன்.

நர்ஸ் பணியிடம் 312, இருப்பவர்கள் 281. ஐசியூவில் ஒரு இடத்தை இரவு பகலாக நிரப்ப வாரம் 168 மணி நேரம் தேவை. ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் மூன்றரை பேர். விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் நாலரைக்குப் பக்கம். 'ஒரு ஆள் போட்டால் போதாதா' என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு. பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு ஆறு நோயாளிகள் என்பது நம் வரம்பு. 91 இரவுகளில் 23 இரவுகள் எட்டு அல்லது அதற்கு மேல் போனது. வேலையை விட்டுப் போன 14 பேரில் 9 பேர் சேர்ந்து ஒரு வருடம் கூட ஆகாதவர்கள். சம்பளம் மட்டும் காரணமில்லை. வந்த முதல் மாதமே தனியாக இரவுப் பணியில் விடுகிறோம். அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

செலவு. மொத்தச் செலவு 2 சதவீதம் கூடியது, நோயாளி நாட்கள் 5.3 சதவீதம் கூடின. ஆகவே ஒரு நோயாளி நாளுக்கான செலவு 3.1 சதவீதம் குறைந்திருக்கிறது. ஸ்டோரில் உள்ள 1,840 பொருட்களில் 190 மட்டுமே கொள்முதல் மதிப்பில் 71 சதவீதம். அந்த 190-ஐ வாரம் ஒருமுறை எண்ணுகிறோம், மற்றவற்றை மாதம் ஒருமுறை. ஒரே ஆன்டிபயாடிக்கை மூன்று கம்பெனிப் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தோம், ஒன்றாக்கிவிட்டோம். காலாவதியாகிக் கொட்டியது கொள்முதலில் 0.9 சதவீதம், ஆண்டு முடிவில் 0.4-க்குள் வர வேண்டும். கையுறையிலும் கைச்சுத்தத் திரவத்திலும் மிச்சம் பிடிக்கும் யோசனைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தொற்று வந்தால் அந்த மிச்சம் இரண்டு நாளில் கரைந்துவிடும்.

இன்று மூன்று அனுமதிகள் கேட்கிறேன்: 31 நர்ஸ் இடங்களை டிசம்பருக்குள் இரண்டு கட்டமாக நிரப்ப, தீத்தடுப்புக் கதவுகளுக்கு இந்த மாதமே ஆர்டர் கொடுக்க, புதிய கட்டட முடிவை ஜனவரிக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்க. அதற்குள் சராசரித் தங்கல் 5 நாளுக்குக் கீழே இறங்காவிட்டால், கட்டடத் திட்டத்தை நானே கொண்டுவருகிறேன்.