பொருள்: நேவி டி-சர்ட் ஆர்டர், இரண்டாவது லாட் ஷேடு – இதுவரை வந்த மெயில்களின் சுருக்கம் (மார்ச் 11 மாலை வரை)

எல்லோருக்கும் வணக்கம்ங்க,

முப்பதுக்கும் மேல் பதில்கள் ஓடிவிட்டன. இனி இந்த மெயிலை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 7ஆம் தேதி பையர் அனுப்பிய ‘அப்ரூவ்டு’ என்ற பதில் மெயின் லேபிளுக்கு மட்டும்தான், ஷேடுக்கு அல்ல. ஷேடு பேச்சுக்கு நடுவில் வந்ததால் கட்டிங்கில் துணிக்குச் சம்மதம் வந்ததாக எடுத்துக்கொண்டார்கள். நல்லவேளையாக இரண்டாவது லாட்டை இன்னும் விரிக்கவில்லை. மாஸ்டர் அண்ணா, தயவுசெய்து என் மெயில் வரும்வரை தொட வேண்டாம்.

இப்போதைய நிலை

மொத்தம் 6,000 பீஸ், 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. முதல் லாட் 600 கிலோ சரியாக வந்து, 3,000 பீஸ் வெட்டித் தையலில் ஓடுகிறது. இரண்டாவது லாட் 600 கிலோ நிற்கிறது. லைட் பாக்ஸில் D65 வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. TL84 போட்டால் இரண்டாவது லாட் பச்சை அடிக்கிறது. பையரின் கடைகளில் இருப்பது அந்த விளக்குதான், அதனால் இதை விட்டுக்கொடுக்க முடியாது. கூடவே ஜிஎஸ்எம்மும் 168தான் நிற்கிறது. பையர் தரும் சலுகை 5 சதவீதம், அதாவது 171க்குக் கீழே போகக் கூடாது.

முடிவாகாதவை

டாப்பிங் போட்டு ஷேடைச் சரிசெய்து தருவதாக டையிங் அண்ணன் சொல்லியிருக்கிறார், மூன்று நாள் ஆகும். ஜிஎஸ்எம்மை ஏற்ற காம்பாக்டிங்கில் ஓவர்ஃபீட் கூட்டி, துணி அகலத்தையும் குறைத்து வைக்க வேண்டும். அகலம் குறைந்தால் இப்போதைய மார்க்கர் உட்காராது. எவ்வளவு குறையும், 3,000 பீஸுக்குத் துணி பத்துமா என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

இரண்டு ஷேடையும் தனித்தனி பெட்டியில் கட்டி அனுப்பலாமா என்று 9ஆம் தேதியே பையரிடம் கேட்டுவிட்டோம். பதில் இல்லை. அவர்கள் ஒத்துக்கொண்டாலும் ஜிஎஸ்எம் பிரச்சினை அப்படியேதான் இருக்கும் என்பதால், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மறுசாயச் செலவு யார் தலையில் என்பதை முதலாளியும் டையிங் அண்ணனும் நேரில் பேசிக்கொள்ளட்டும், இங்கே வேண்டாம்.

அடுத்து

டையிங் அண்ணன் நாளை காலை ஒரு ரோலை மட்டும் டாப்பிங் போட்டு, காம்பாக்ட் செய்து, மாலைக்குள் கொடுத்துவிடுங்க. க்யூசி அக்கா TL84, ஜிஎஸ்எம், அகலம், துவைத்தபின் சுருக்கம் நான்கையும் பார்த்து இதே மெயிலில் எண்களாக எழுதிவிடுங்க. அகலம் தெரிந்ததும் மாஸ்டர் அண்ணா மார்க்கரைத் திருத்திக் கன்சம்ப்ஷன் சொல்ல வேண்டும். பையருக்கு இன்று இரவே போன் செய்கிறேன்.

24ஆம் தேதி கன்டெய்னர் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டும். முழு லாட்டும் 13ஆம் தேதி சாயத்துக்குப் போனால் 18க்குள் வெட்டி, 22க்குள் தைத்து, 23இல் பேக்கிங் முடியும். அதற்கு மேல் ஒரு நாள் தள்ளினாலும் அந்த 3,000 பீஸ் விமானத்தில்தான் போக வேண்டியிருக்கும்.

நன்றி,
மெர்ச்சன்டைசிங், திருப்பூர்