சரக்கு மேலாண்மை மென்பொருள் மாற்றம்: வழிநடத்தும் குழுவுக்கான இடர் அறிக்கை

நிலவரம்: ஜூன் 26
கூட்டம்: ஜூன் 30
மாற்ற இரவு: ஆகஸ்ட் 1, சனி
அனுப்புபவர்: திட்ட மேலாளர்

இன்றைய நிலையில் ஆகஸ்ட் 1 கைக்கு எட்டும் தேதிதான். ஆனால் ஜூலை முதல் வாரத்துக்குள் கீழ்க்கண்ட நான்கு முடிவுகள் கிடைக்காவிட்டால், அந்தத் தேதியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழுவிடம் கேட்கும் முடிவுகள்

1. ஜூலை 6 முதல் மாற்றம் முடியும்வரை புதிய பொருள் குறியீடு எதுவும் திறக்கக்கூடாது. அவசரத் தேவைக்கு என் ஒப்புதல் மட்டும் போதும்.
2. ஜூலை 20 மாலை முரண்பட்ட குறியீடுகள் 200-க்கு மேல் இருந்தால், மாற்றம் தானாகவே ஆகஸ்ட் 29-க்குத் தள்ளிப்போகும்.
3. ஆகஸ்ட் 1 அன்று ஆறு கிடங்குகளையும் இரவு 10 மணிக்குப் பதிலாக மாலை 6 மணிக்கே மூட வேண்டும்.
4. பழைய மென்பொருளின் உரிமத்தையும் அதைப் பராமரிப்பவரின் பணியையும் இரண்டு மாதம் நீட்டிக்க வேண்டும். உரிம நீட்டிப்பைக் கேட்கக் கடைசி நாள் ஜூலை 10.

முதல் ஐந்து இடர்கள்

மதிப்பெண் = நிகழ்வாய்ப்பு (1–5) × பாதிப்பு (1–5)

| வரிசை | இடர் | மே | ஜூன் | போக்கு |
|---|---|---|---|---|
| 1 | இருப்புக் கணக்கு பிசகாக ஏறுவது | 16 | 20 | ஏறுமுகம் |
| 2 | பழைய மென்பொருள் தெரிந்த ஒரே நபர் விலகுவது | 8 | 16 | ஏறுமுகம் |
| 3 | பழைய நிலைக்குத் திரும்ப நேரம் போதாமை | 15 | 15 | அப்படியே |
| 4 | ஸ்கேனர் இணைப்புத் தாமதம் | 12 | 9 | இறங்குமுகம் |
| 5 | கிடங்குப் பணியாளர் பயிற்சி | 12 | 6 | இறங்குமுகம் |

1. இருப்புக் கணக்கு

முதல் ஒத்திகையில் 41,200 குறியீடுகளில் 3,140 முரண்பட்டன. இரண்டாவதில் 2,980. பாதியாகக் குறையும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அந்தக் கணிப்பு தவறு. திருத்தங்களை ஒத்திகைப் பிரதியில்தான் செய்தோம், மூலத்தில் செய்யவில்லை. எனவே அடுத்த ஒத்திகையில் அதே பிழைகள் திரும்பி வந்தன. இதற்கிடையில் ஒரே பொருளுக்கு இரண்டாவது குறியீடு திறப்பதும் நிற்கவில்லை.

எல்லா முரண்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. பெயர் வேறுபாடுகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கவலை தருவது அலகுப் பிழை. 2,980-இல் 1,900 இந்த வகை. 24 எண்ணம் கொண்ட ஒரு பெட்டி பழையதில் ‘1’ என்று இருக்கிறது. புதியது எண்ணத்தில் கணக்கிடுகிறது. குறியீட்டோடு பெட்டியின் அளவு சேர்ந்து வராதபோது, கையில் 24 இருக்க, திரையில் 1 தெரியும். உடனே தானியங்கிக் கொள்முதல் ஆணை கிளம்பிவிடும். தலைகீழாக நேர்ந்தால் இல்லாத சரக்கை வாடிக்கையாளருக்கு ஒப்புக்கொள்வோம். பாதிப்புக்கு 5 கொடுத்தது இதனால்தான்.

இனித் திருத்தங்கள் மூலத்திலேயே நடக்கும். ஒவ்வொரு கிடங்கிலும் ஒருவர் கையொப்பமிடுவார். மூன்றாவது ஒத்திகை ஜூலை 18, 19. தள்ளிப்போடும் நிபந்தனையை இப்போதே கேட்பதற்குக் காரணம் உண்டு: அந்த வாரத்தில் 260 என்று வந்தால், ‘இவ்வளவுதானே’ என்று எல்லோருக்குமே தோன்றும், எனக்கும்தான்.

2. ஒரே நபர்

பழைய மென்பொருளைப் பராமரிப்பவர் ஜூலை 31 அன்று ஓய்வு பெறுகிறார். மாற்றத்துக்கு முந்தைய நாள்! மூன்று அமர்வுகளில் அவர் விளக்கியதைப் பதிவு செய்திருக்கிறோம். ஆனால் மாத இறுதிக் கணக்கு முடிப்பை அவரில்லாமல் வேறு யாரும் இன்னும் செய்து பார்க்கவில்லை. ஜூன் மாத முடிப்பை அவர் பக்கத்திலிருக்க, இன்னொருவர் செய்வார். பழைய மென்பொருளின் உரிமம் ஆகஸ்ட் 15 வரைதான். தேதி தள்ளிப்போனால் இரண்டு நீட்டிப்பும் இல்லாமல் முடியாது. போகாவிட்டாலும் பழைய பதிவுகளை ஒப்பிடத் தேவைப்படும். செலவு திட்டத்தின் ஒதுக்கு நிதிக்குள் அடங்கும்.

3. திரும்பும் வழி

சனி இரவு 10 முதல் திங்கள் காலை 6 வரை 32 மணி நேரம். தரவு ஏற்ற 19, சரிபார்க்க 6. அதாவது ஞாயிறு இரவு 11-க்குத்தான் நிலைமை தெரியும். ஒத்திகையில் பழைய நிலைக்குத் திரும்ப 9 மணி நேரம் ஆனது. ஆகவே இரவு 9-க்குள் முடிவெடுக்க வேண்டும், இரண்டு மணி நேரம் உதைக்கிறது. நான்கு மணி நேரம் முன்னதாக மூடினால் மாலை 7-க்கே சரிபார்ப்பு முடிந்து, யோசிக்க இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். பட்டியலிலேயே மலிவான தீர்வு இது.

4, 5

ஸ்கேனர் இணைப்பு வந்துவிட்டது. நான்கு கிடங்குகளில் சோதித்தாயிற்று, இரண்டு பாக்கி. பயிற்சியில் இரவுப் பணியினர் மட்டும் மிச்சம். இரண்டிலும் குழு செய்ய வேண்டியது எதுவுமில்லை.

சென்ற மாதம் நான்காம் இடத்தில் இருந்த ‘சேவையகம் தாமதமாக வரும்’ என்ற இடரை நீக்கியிருக்கிறேன். அது குறையவில்லை, நடந்தேவிட்டது. எட்டு நாள் இழந்தோம். இனி அது பிரச்சினைப் பதிவேட்டில் இருக்கும்.