எதிர்ப்பக்கத்துக் கல்

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வரை கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும் விளக்குத்தூண், தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். ஜவுளிக்கடைகளில் பாதி திறந்திருக்காது. திறந்திருக்கும் கடைகளிலும் பையன்கள் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு மழை வேறு. மத்தியானம் பிடித்தது, விடாமல் நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது.

செல்வி வண்டியைப் போட்டது நாலரை மணிக்கு. ஏழு மணி வரை ஒன்பது டம்ளர்தான் போயிருந்தது. இருபது ரூபாய் வீதம் நூற்றெண்பது. தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு தவலை காலியானதை நம்பி, முந்தின நாள் ராத்திரி அதே அளவுக்குப் பருத்திவிதையை ஊறப்போட்டுவிட்டாள். ஆட்டிப் பிழிந்த பால் ஒரு தவலை அடுப்பில் சூடாக இருந்தது. இன்னொரு தவலைக்கான பால் காய்ச்சாமலேயே வாளியில் கிடந்தது. இன்றைக்குக் காய்ச்சாவிட்டால் நாளைக்குப் புளித்துவிடும். காய்ச்சினாலும் குடிக்க ஆள் வேண்டுமே.

அப்போதுதான் மகள் சொன்னது ஞாபகம் வந்தது. நித்யா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். தீபாவளிக்கு வந்திருந்தபோது அம்மாவின் போனில் ஒரு வீடியோ ஆப்பில் பக்கம் ஆரம்பித்து, 'செல்வி பருத்திப்பால், விளக்குத்தூண்' என்று பேர் போட்டு, வண்டியைப் படமெடுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"யாவாரம் இல்லாதப்ப லைவ் போடும்மா. சும்மா நிக்காத, எதையாச்சும் செஞ்சு காமி. நாலு பேரு பாப்பாங்க."

காட்டுவதற்கு வாளியில் பால் இருக்கிறது. செல்வி போனை டம்ளர் அடுக்கில் சாய்த்து வைத்தாள். மகள் சொல்லிக்கொடுத்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். திரையில் தன் முகம் வந்ததும் முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"வணக்கம். நான் செல்வி. மதுரை விளக்குத்தூண்ல பருத்திப்பால் விக்கிறேன். இப்ப பால் காச்சப் போறேன்."

அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கண் உருவத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம் நின்றது. யாரும் பார்க்காதபோது பேசுவது, ஆளில்லாத வீட்டில் குரல் கொடுப்பது போல இருந்தது. சரி, வேலையைப் பார்ப்போம் என்று சூடாக இருந்த தவலையை இறக்கி ஓரமாக மூடி வைத்தாள். காலித் தவலையை ஏற்றி, வாளிப் பாலைத் துணியில் இன்னொரு தரம் வடிகட்டி ஊற்றினாள். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து விட்டாள். அகப்பையைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தாள்.

பருத்திப்பாலில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. விதையை ஆட்டி மூன்று தரம் பிழிய வேண்டும். மாவு சேர்ந்த பிறகு கையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அடியில் பிடித்துவிடும். கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்ப்பூ. ஆனால் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், இந்த நாலு வரிக்குள் எத்தனை இடத்தில் தப்புப் போகலாம் என்று.

பால் பொங்கி நுரைத்து வந்தது. செல்வி பாகுச் சட்டியைக் கையில் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருந்தது. கீழே ஒரு வரி.

'கவிதா செந்தில்: பாகு ஊத்தாதீங்க'

செல்விக்குச் சட்டென்று கோபம் வந்தது. பதினஞ்சு வருசத்துக்கு மேல் காய்ச்சுகிறாள்.

"யாரு தாயி நீங்க? ஏன் ஊத்தக்கூடாது?"

'நுரை அடங்கலயாம். தாத்தா சொல்றாங்க'

"எந்தத் தாத்தா?"

'எங்க தாத்தா. நான் ரித்திகா. இது அம்மா போன்'

சின்னப்பிள்ளை. செல்வியின் முகம் இளகியது. பாகுச் சட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "உங்க தாத்தாவுக்குப் பருத்திப்பால் காச்சத் தெரியுமா கண்ணு?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது.

'தாத்தா பேரு முத்தையா. நீங்க நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்ல அவங்க வண்டி இருந்துச்சாம்'

செல்வியின் கை நின்றது.

2009ல் வீட்டுக்காரர் கீழமாசி வீதியில் மூட்டை தூக்கும்போது இடுப்பு விழுந்து படுத்தபோதுதான் அவள் இந்த வண்டியைப் போட்டாள். எதிர்ப்பக்கம் முத்தையா அதற்கு எத்தனையோ வருசம் முன்பிருந்தே நின்றுகொண்டிருந்தார். முதல் நாளே வந்து சத்தம் போட்டார். "இந்தத் தெருவுக்கு ஒரு பருத்திப்பால் வண்டிதான் தாங்கும். வேற எடம் பாத்துக்க." செல்விக்கு அன்றைக்கு வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை. "தெரு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டுவிட்டாள். பத்துப் பேர் பார்க்க, வயதில் மூத்த மனுசனை.

அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருசம் இருபதடி அகலத் தெருவில் எதிரும் புதிருமாக நின்றார்கள். நடுவில் பூக்கூடை வைத்திருந்த லட்சுமிதான் இரண்டு பக்கத்துக்கும் வாய். "நூறு ரூவாய்க்குச் சில்லறை இருக்கான்னு எதுத்த வண்டியில கேளு." "இருக்குன்னு சொல்லு." மழை வந்தால் ஒருத்தர் தார்ப்பாய் பறக்கும்போது மற்றவர் ஓடிப்போய்ப் பிடிப்பதும் நடந்திருக்கிறது. அப்போதும் வாய் திறந்ததில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். அவிழ்த்த பிறகு செல்வி வந்தாள், முத்தையா வரவில்லை. மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். மறு வருசம் இரண்டாம் அலையில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று லட்சுமி வந்து சொன்னாள். அன்றைக்குச் செல்வி வண்டி போடவில்லை. கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொன்னாள்.

'கைய நிறுத்தாதீங்க அடி பிடிக்கும்னு தாத்தா கத்துறாங்க'

செல்வி அவசரமாகக் கிண்டினாள். அகப்பை அடியில் லேசாக ஒட்டி விட்டது. நல்ல வேளை.

"தாத்தா எங்கம்மா இருக்காரு?"

'ஓசூர்ல எங்க வீட்டுல. கட்டில்ல. அவங்களுக்குப் பேச்சு சரியா வராது. எனக்கு மட்டும் புரியும்'

'விளக்குத்தூண்னு தேடச் சொன்னாங்க. தேடினா நீங்க வந்தீங்க'

"அண்ணே," என்றாள் செல்வி. அந்த வார்த்தை வாயில் புதுசாக இருந்தது. "நல்லா இருக்கீங்களாண்ணே?"

பதில் வர நேரமானது.

'நுரைய பாக்கச் சொல்றாங்க'

செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தவலையைப் பார்த்தாள். வெள்ளை நுரை விளிம்பைச் சுற்றித் தடித்து நின்றது. வழக்கமாக இந்த இடத்தில்தான் பாகை விடுவாள். கூட்டம் காத்திருக்கும்போது அடுப்பில் கூடுதலாக ஐந்து நிமிடம் வைக்க யாருக்கு மனசு வரும்?

'தீய குறைக்கணும். நுரை பூரா செத்து பால் பளபளன்னு வரணும். அப்ப தான் பச்சை வாடை போகும். அப்புறம் பாகு'

செல்வி தீயைக் குறைத்தாள். கிண்டினாள். தூறல் தார்ப்பாயில் விழும் சத்தமும், அகப்பை தவலையில் உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. அவளுடைய பாலில் ஒரு வாடை உண்டு. அவளுக்கும் தெரியும். வாடிக்கைக்காரர்கள் சிலர் சொல்லாமலே எதிர்ப்பக்கம் போனதும் தெரியும். சுக்கைக் கூட்டிப் பார்த்தாள், ஏலக்காயைக் கூட்டிப் பார்த்தாள். விதையை மாற்றிக்கூடப் பார்த்தாள். பாகு விடும் நேரத்தை நினைத்ததே இல்லை.

'நீங்க வண்டி போட்ட மொத வாரமே பாத்துட்டாங்களாம். பாக முந்தி ஊத்துறீங்கன்னு'

'சொல்லலயாம்'

கொஞ்சம் விட்டு இன்னொரு வரி.

'சொல்லி இருக்கணும்னு சொல்றாங்க'

செல்வி கிண்டிக்கொண்டே இருந்தாள். "நானும் அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாதுண்ணே," என்றாள். "அப்பனை எல்லாம் இழுத்து."

இதற்கு ஓசூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிள்ளைக்கு அது புரியாமல் போயிருக்கலாம். இல்லை, அவர் ஏதோ சொல்லி, அதை அந்தப் பிள்ளை எழுதாமல் விட்டிருக்கலாம்.

நுரை ஓரத்திலிருந்து உடைந்து உடைந்து நடுவுக்கு வந்து அடங்கியது. பால், எண்ணெய் தடவினது போல மினுங்கியது. இப்போது என்று யாரும் சொல்லாமலே செல்விக்குத் தெரிந்தது. கருப்பட்டிப் பாகைக் கம்பியாக விட்டாள். வெள்ளை பழுப்பாகி, பழுப்பு செம்மண் நிறத்துக்கு வந்தது. சுக்குப் பொடியைத் தூவினாள்.

'தாத்தா எடத்துல இப்ப யாரு நிக்கிறாங்கன்னு கேக்குறாங்க'

செல்வி போனைக் கையில் எடுத்தாள். கேமராவைத் திருப்புவது எப்படி என்று தெரியாததால் போனையே திருப்பி எதிர்ப்பக்கம் காட்டினாள். பூட்டிய ஷட்டர். தெருவிளக்கு வெளிச்சத்தில் மழை. ஷட்டருக்கு முன்னால் வெறும் சிமெண்டுத் தரை. தரையின் ஓரத்தில் ஒரு பக்கம் தேய்ந்த கருங்கல், முத்தையா வண்டிச் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் கல்.

அந்த இடத்துக்கு இந்தச் சில வருசத்தில் நாலு பேர் வந்தார்கள். ஒரு சோளக்கடைக்காரர், ஒரு ஜூஸ் வண்டிப் பையன், பர்ஸ், பெல்ட் விற்கிற இரண்டு பேர். நாலு பேரிடமும் செல்வி சண்டை போட்டு அனுப்பியிருக்கிறாள். போட்டிக்கு ஆள் வந்தால் தன் வியாபாரம் போய்விடும் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பெல்ட் விற்கிறவரால் பருத்திப்பாலுக்கு என்ன போட்டி? மாநகராட்சி ஆட்கள் தெருவைச் சுத்தம் செய்தபோது கல்லைத் தூக்கப் போனார்கள். அது வண்டிக் கல்லு, ஆள் வருவாரு, வையிங்க என்றாள். வரமாட்டார் என்று அப்போது அவளுக்குத் தெரியும்.

இதில் எதையும் அவள் சொல்லவில்லை. போனைப் பிடித்தபடியே நின்றாள். கை வலித்தது. திருப்பித் திரையைப் பார்க்க என்னவோ போல இருந்தது.

"என்னக்கா, செல்ஃபியா?"

மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தர் வண்டிக்கு முன்னால் நின்றார். பெரியார் நிலையத்தில் ராத்திரி ட்யூட்டிக்குப் போகிற கண்டக்டர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார்.

"சூடா ஒண்ணு குடுங்க."

செல்வி போனை டம்ளர் அடுக்கில் வைத்தாள். புதுத் தவலையிலிருந்து மொண்டு, இரண்டு ஆற்று ஆற்றி, தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தாள். அவர் ஊதிக் குடித்தார். திரையில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

'கல்ல பாத்தாங்க'

'இன்னொரு வாட்டி காட்ட முடியுமா'

'இருங்க யாரோ குடிக்கிறாங்கன்னு சொல்றாங்க'

'எப்படி இருக்குன்னு அவர கேக்கச் சொல்றாங்க'

செல்வி போனைத் தூக்கிக் கண்டக்டரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சார், பச்சை வாடை அடிக்குதா?"

"என்னது?"

"பாலுல. வாடை. நல்லாக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. ஒருத்தர் கேக்குறாரு."

கண்டக்டர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரின் அடியில் நின்ற தேங்காய்ப்பூவைச் சுழற்றி, கடைசிச் சொட்டையும் வாயில் விட்டுக்கொண்டார்.

"இல்லையேக்கா," என்றார். "இன்னொண்ணு ஊத்துங்க."