மயில்நீலச் சேலை

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஹட்டன் நகரத்துப் புடவைக்கடைக்கு வேலைக்கு வரும் சுகந்தியை, நிறம் மங்கிய சுரிதாரும் முழங்கை பிரிந்த சுவெட்டருமாக நிற்கும் நாட்களில், யாரும் பெயர் கேட்டதில்லை. "ஏய் பிள்ளை, அந்த மேல் தட்டில இருக்கிறத எடு" என்பார்கள். எடுத்துக் கொடுத்தால் முகம் பார்க்காமல் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குத் துணையாகக் கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பதால் அவளுடைய விரல் நுனிகளில் கறை படிந்திருக்கும். அதைக் கண்ட ஒரு வாடிக்கையாளர் அம்மா, பட்டைத் தொடுமுன் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவினாலும் போகாத கறை என்று அவரிடம் யார் சொல்வது?

தீபாவளி நெருங்கியபோது, புதிதாக வந்த மயில்நீலச் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வாசலருகே நிற்கும்படி முதலாளி சொன்னார். மாலையில் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கசங்கினால் சம்பளத்தில் பிடிப்பார் என்பதும் அதிலே அடங்கும். கொசுவத்துக்கு ஊசி குத்தி, தலைமுடியை உயர்த்திக் கட்டி அவள் நின்ற அன்று, அதே அம்மா மகளுடன் வந்து, "மிஸ், இவளுடைய நிறத்துக்கு எது பொருந்தும், நீங்களே சொல்லுங்க" என்றார். சுகந்தி அதே விரல்களால் அதே பட்டை விரித்துக் காட்டினாள். கறை அங்கேயேதான் இருந்தது, அவர் கண்ணில் படவில்லை. போகும்போது நன்றி வேறு சொன்னார்.

மறுநாள் வேண்டுமென்றே பழைய சுரிதாரில் வந்து பார்த்தாள். சட்டைத்துணி மாற்றுவதற்காகத் திரும்பி வந்த அந்த அம்மா அவளைத் தாண்டிப் பார்த்து, "நேத்து இருந்த மிஸ் வரலையா?" என்று கேட்டார். "இன்றைக்கு லீவு" என்று சுகந்தி பதில் சொன்னாள். கல்லாவில் இருந்த முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

அடுத்த நாள் மீண்டும் மயில்நீலம். பிற்பகல் மழையில், தீபாவளி முற்பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்த முதியவள் ஒருத்தி, செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வரத் துணியாமல், "அம்மா, பேத்திக்கு ஒரு கவுன் வேணுங்க" என்று கைகட்டி நின்றாள். மரியாதை இவ்வளவு கூசவைக்கும் என்று சுகந்தி நினைத்ததில்லை. அருகே சென்று, தன் தோட்டத்தின் பெயரையும், இன்னார் பேத்தி என்பதையும் சொன்னாள்.

முதியவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து முக்காலியில் அமர்ந்தாள்.

"நம்ம புள்ளையா நீ? அப்ப முழு வெலையெல்லாம் சொல்லாத. கொறச்சுப் போடு."