தடையை மறுபரிசீலனை செய்யக் கோரி: RangoonMani, லாக் ஸ்விட்ச் புகார்

அட்மின் அண்ணன்மாருக்கு வணக்கம்.

ஜூன் 14 சனிக்கிழமை ராத்திரி, சிங்கப்பூர் நேரம் 22:18க்கு என் கணக்கு RangoonMani நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. காரணம் என்று திரையில் வந்தது LAG_SWITCH. மேட்ச் எண் M-48213, ரவுண்டு 14. நான் அதைப் பயன்படுத்தவில்லை. உங்கள் பக்கப் பதிவோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி நடந்ததை எழுதுகிறேன்.

நான் ரங்கூனில் இருந்து ஆடுகிறேன். இங்கே முறை வைத்துத்தான் கரண்ட் விடுகிறார்கள், விடுகிற நேரத்திலும் விட்டு விட்டு வரும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டருக்கும் சின்ன பேட்டரி வைத்திருக்கிறேன், ஆனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இன்டர்நெட் பெட்டி நேராகக் கட்டடத்துக் கரண்டில் ஓடுவதால் கரண்ட் மினுக்கினால் லைன் சில நொடி அறுந்து திரும்ப வரும். ஐபி மாறாது, கேமும் என்னை வெளியே தள்ளாது. வெளியிலிருந்து பார்த்தால் வேண்டுமென்றே லைனை வெட்டி வெட்டி விட்ட மாதிரியேதான் தெரியும், அதனால் உங்கள் சிஸ்டம் சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபம் இல்லை.

அன்றைய ரவுட்டர் பதிவு இது. ரங்கூன் நேரம், சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்:

```
20:46:51 WAN link down
20:46:55 WAN link up
20:47:20 WAN link down
20:47:24 WAN link up
20:48:02 WAN link down
20:48:07 WAN link up
```

இதில் முக்கியமானது என்னவென்றால், முதல் தடவை அறுந்தபோதே எதிரணி ஆள் என்னைச் சுட்டுவிட்டார். லைன் திரும்பி வந்தபோது என் திரையில் நான் ஏற்கெனவே காலி. மற்ற இரண்டு தடவையும் நான் செத்து, கூட்டாளி ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துக் கிடக்கிறவன் லைனை வெட்டி என்ன சாதிக்கப் போகிறான்? அந்த ரவுண்டில் எனக்கு ஒரு கில்கூட இல்லை. ரிப்ளேயில் இதெல்லாம் அப்படியே இருக்கும், தயவுசெய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நீங்கள் கேட்பதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம். இதே லைனில் என் சித்தி மகனும் ஆடுகிறான், அதனால் ஒரே ஐபியில் இரண்டு கணக்கு தெரியும். அன்றைக்கு அவன் ஆன்லைனில் இல்லை. அப்புறம் மவுஸ் கம்பெனி மென்பொருள் ஒன்று ஓடுகிறது, அதில் மேக்ரோ எதுவும் போடவில்லை, வேண்டுமானால் அமைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறேன்.

ரிப்ளேயையும் நேரத்தையும் பார்த்த பிறகு தடையை நீக்கும்படி கேட்கிறேன். முடியாது என்று முடிவானால், எந்த நொடியில் நடந்தது தவறாகப்பட்டது என்று மட்டும் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு உரிய பதிவைத் தேடி எடுத்துத் தருகிறேன். இனி லைன் இப்படி விட்டு விட்டு வந்தால் நானே மேட்சை விட்டு வெளியேறிவிடுகிறேன், எதிரணிக்கும் அது தொல்லைதான், சரி.

ரவுட்டர் பதிவின் முழு ஃபைலும் ரவுண்டு 14 வீடியோவும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நன்றி,
RangoonMani