பரீட்சகர் அறிக்கை: மேற்கோள்களும் உசாத்துணையும்

இந்த முதுமாணி ஆய்வேட்டின் வாதம் வலுவானது, கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் பற்றி உண்மையான அக்கறையோடு எழுதப்பட்டது, அதனால்தான் மேற்கோள்களின் நிலை கூடுதலாக வருத்துகிறது. பெரிய சிக்கல் இரண்டாம் அத்தியாயத்தில். இலங்கையின் கல்வி முறையை ஆராய்ந்த கன்னங்கரா குழுவின் 1943 அறிக்கையை நேரில் படித்ததுபோல ஆய்வாளர் மேற்கோள் காட்டுகிறார், ஆனால் பக்க எண் எங்குமே இல்லை, எடுத்த வரிகளும் இடையில் விடுபட்ட சொற்களும்கூட அவரே வேறோரிடத்தில் சுட்டும் ஒரு பிற்காலக் கட்டுரையில் உள்ளபடியே இருக்கின்றன. அந்தக் கட்டுரை வழியாகப் பார்த்திருந்தால் அப்படியே சொல்லலாம், அதில் குற்றமில்லை. பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டுவதை மட்டும் ஏற்க முடியாது. ஆங்கிலப் பந்திகளைத் தமிழில் தந்து மேற்கோள் குறியும் இட்டிருக்கிறார், மொழிபெயர்ப்பு யாருடையது? அப்புறம் "குடிசன மதிப்பீடு, 2012" என்று மட்டும் எழுதினால் போதாது: எந்த அட்டவணை, மாவட்டத்துக்கா மாநகரத்துக்கா என்பது தெரிய வேண்டும், கொழும்பு மாவட்டமும் கொழும்பு மாநகரமும் ஒன்றல்ல, நான்காம் அத்தியாயத்தின் ஒப்பீடு முழுதும் இதில்தான் நிற்கிறது. நீண்ட பந்திகளின் கடைசியில் ஐந்தாறு பெயர்களை ஒன்றாக அடுக்கியிருப்பதால் எந்தக் கூற்று யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. ஒரே எழுத்தாளர் ஓரிடத்தில் தந்தை பெயரிலும் இன்னோரிடத்தில் சொந்தப் பெயரிலும் வருகிறார், பட்டியலில் இருவராகிவிட்டார். இரண்டாம், நான்காம் அத்தியாய மேற்கோள்களை மூலங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பிரதியை மீண்டும் பார்த்த பிறகே ஆய்வேட்டை ஏற்கப் பரிந்துரைப்பேன்.